வழுக்கியதா, கவிழ்ந்ததா?

ஓசூரிலிருந்து கர்நாடக எல்லையை நோக்கிச் செல்லும் சாலையில் எங்கள் பள்ளி இருக்கிறது. வகுப்பறைச் சன்னல் வழியே நாள் முழுவதும் லாரிகளும் டிப்பர்களும் போய்க்கொண்டே இருக்கும். ஜல்லி, எம்-சாண்ட், செங்கல், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் கற்கள், சிப்காட் தொழிற்சாலைகளுக்கான மரப் பெட்டிகள் என்று எதையாவது அடுக்கி ஏற்றிக்கொண்டுதான் போகும். ஒன்பதாம் வகுப்பில் உராய்வு பற்றிப் பேசத் தொடங்கியபோது இந்த லாரிகளையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டேன்.

"டிப்பரைத் தூக்கும்போது உள்ளே அடுக்கியிருக்கும் பெட்டிகள் வழுக்கி இறங்குமா, இல்லை கவிழ்ந்து விழுமா?" என்று கேட்டேன். டிப்பர் ஓட்டுநரின் மகன் ஒருவன், "சரக்கைப் பொறுத்தது சார். அப்பா உயரமா அடுக்கினா ஒத்துக்கவே மாட்டார்" என்றான். அந்தப் பதிலிலேயே பாடம் முழுவதும் இருந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை நிறுவியிருந்தோம். இலவசமாகக் கிடைப்பது, திறமூலம். இதில் பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிட, எர்வின் கூமன்ஸ் உருவாக்கிய புல்லட் என்னும் இயற்பியல் நிரல்தொகுப்பு உள்ளே வேலை செய்கிறது. 2013இல் வந்த 2.66ஆம் பதிப்பிலிருந்து அசைவூட்டத்துக்கே இதை நேரடியாகப் பயன்படுத்த முடிகிறது. வளையாத, நசுங்காத திண்பொருள்களை மட்டுமே இது கணக்கில் எடுத்துக்கொள்ளும். கட்டைகளுக்கு அது போதும்.

முதலில் ஒரு பலகை. பத்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் தடிமன். அதன் மேற்பரப்பு சரியாகச் சுழி உயரத்தில் இருக்குமாறு வைத்தோம். அதன் நடுவில் ஒரு மீட்டர் பக்கமுள்ள மூன்று கனசதுரக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். கட்டைகளின் மையங்கள் 0.5, 1.5, 2.5 மீட்டர் உயரத்தில் வரும். அளவை மாற்றிய ஒவ்வொரு பொருளையும் தேர்ந்தெடுத்து Ctrl+A அழுத்தி Scale கொடுத்துவிட வேண்டும். மாணவர்கள் அவசரத்தில் விட்டுவிடும் படி இது. விட்டால் கண்ணுக்குத் தெரியும் அளவு ஒன்றாகவும் பொருளின் உள்ளே பதிவாகியிருக்கும் அளவு வேறாகவும் இருந்து பிறகு குழப்பும்.

பின்பு Physics பகுதியில் Rigid Body. கட்டைகளுக்கு வகை Active. அவை ஈர்ப்புக்கும் மோதலுக்கும் ஆட்படும். பலகைக்கு Passive, அது தானாக அசையாது, ஆனால் மற்றவற்றைத் தாங்கும். பலகையை நாங்கள் மெல்லச் சாய்க்க விரும்பியதால் அதற்கு Animated என்ற கட்டத்திலும் குறியிட வேண்டியிருந்தது. குறியிடாவிட்டால் பலகை சாய்வது கண்ணுக்குத் தெரியும். கணக்கில் அது சாயாது. கட்டைகள் வெற்று வெளியில் நிற்பதைப் பார்த்து ஒரு மாணவி, "சார், பலகை போயிருச்சு, பெட்டி மட்டும் நிக்குது" என்று கூவினாள்.

முதல் ஃபிரேமில் சாய்வு 0 பாகை, 301ஆவது ஃபிரேமில் 30 பாகை என்று இரு இடங்களில் கோணத்தைப் பதிவு செய்தோம். Dope Sheet-இல் T அழுத்தி Linear கொடுத்தால் சாய்வு சீராக நடக்கும். ஆக, பத்து ஃபிரேமுக்கு ஒரு பாகை. ஃபிரேம் எண்ணைப் பார்த்தாலே கோணம் தெரிந்துவிடும்: எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துப் பத்தால் வகுக்க வேண்டியதுதான். நொடிக்கு 24 ஃபிரேம் என்பதால் சாய்வு மிக மெதுவானது. பலகையின் அசைவே கட்டைகளைத் தள்ளிவிடும் என்ற கவலை இல்லை.

ஓடவிட்டோம். 140ஆவது ஃபிரேமைத் தாண்டியதும், அதாவது 14 பாகையில், கட்டைகள் நகரத் தொடங்கின. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, வரிசை கலைந்து, பலகையின் கீழ்முனையை நோக்கி இறங்கின. கவிழவில்லை. "வழுக்கும்" என்று கரும்பலகையில் எழுதினேன்.

மறுநாள் உண்மையான கட்டைகள் வந்தன. சிப்காட் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு வரும் மரப் பேலட்டுகளின் அடியில் கால் போலக் கனசதுரக் கட்டைகள் இருக்கும். பழைய மரக்கடையில் உடைந்த பேலட்டுகளிலிருந்து அப்படி ஆறு கட்டைகளைப் பிள்ளைகள் வாங்கி வந்திருந்தார்கள். ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் பக்கம். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் மேல் மூன்றை அடுக்கி, ஒரு முனையை மெல்ல உயர்த்தினோம். 30 சென்டிமீட்டர் உயர்ந்ததும் அடுக்கு மொத்தமாகச் சாய்ந்து 'தொப்'பென்று விழுந்தது. வழுக்கவே இல்லை.

நான் எதிர்பாராத இடம் அடுத்ததுதான். "நாம அடுக்கினது சரியில்ல சார், கம்ப்யூட்டர்ல வழுக்கிச்சே" என்றான் ஒருவன். பலரும் தலையாட்டினார்கள். கண்முன்னே விழுந்த கட்டையை விட்டுவிட்டு, திரையில் வழுக்கிய கட்டையை நம்பினார்கள். திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்த்தோம்; ஒவ்வொரு முறையும் கவிழ்ந்தது. டிப்பர்காரர் மகன் மட்டும் ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தான். கணினி தவறா, நாங்கள் கணினிக்குச் சொன்னது தவறா என்று கண்டுபிடிக்காமல் அடுத்த பாடத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

காகிதத்திலிருந்து தொடங்கினோம். சாய்தளத்தில் ஒரு பொருள் வழுக்கத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம். அது பொருளின் எடையையோ அளவையோ சார்ந்ததல்ல. கவிழும் கோணம் வேறு. அடுக்கின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே வரையும் கோடு, அடிக்கட்டையின் கீழ்விளிம்பைத் தாண்டும்போது அடுக்கு கவிழும். மூன்று கட்டை அடுக்கில் ஈர்ப்பு மையம் ஒன்றரைக் கட்டை உயரத்தில் இருக்கிறது. விளிம்போ நடுவிலிருந்து அரைக் கட்டை தூரத்தில். 0.5ஐ 1.5ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. டேன்ஜென்ட் அட்டவணையில் அதற்குரிய கோணம் 18.4 பாகை. ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் முக்கோணவியல் அட்டவணை இருப்பதால் பிள்ளைகளே பார்த்துச் சொன்னார்கள்.

இனி கேள்வி எளிது. வழுக்கும் கோணம் 18.4க்குக் கீழே இருந்தால் அடுக்கு முதலில் வழுக்கும். மேலே இருந்தால் முதலில் கவிழும். இரண்டு கட்டை அடுக்குக்கு எல்லை 26.6 பாகை, ஒற்றைக் கட்டைக்கு 45 பாகை. உயரம் கூடக் கூடக் கவிழ்வது முந்திக்கொள்கிறது. 'உயரமா அடுக்கினா ஒத்துக்கவே மாட்டார்' என்றதன் கணக்கு இதுதான்.

பேலட் கட்டை எந்தக் கோணத்தில் வழுக்கும் என்பதை அளந்தோம். ஒற்றைக் கட்டையை வைத்துப் பலகையின் முனையை உயர்த்தி, நகரத் தொடங்கும் உயரத்தை டேப்பால் அளந்தோம். ஐந்து முறை: 35, 37, 38, 38, 39.5 சென்டிமீட்டர். சராசரி 37.5. பலகை நூறு சென்டிமீட்டர் என்பதால் சைன் மதிப்பு 0.375, கோணம் 22 பாகை, டேன்ஜென்ட் 0.40. இதுதான் உராய்வுக் குணகம். 22 என்பது 18.4ஐ விடப் பெரியது. ஆகவே மூன்று கட்டை அடுக்கு கவிழத்தான் வேண்டும். கணக்குப்படி 31.6 சென்டிமீட்டரில் கவிழ வேண்டியது எங்களுக்கு 30இலேயே கவிழ்ந்தது. பழைய கட்டைகளின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருந்ததால் அடித்தளம் கொஞ்சம் குறுகிவிட்டது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கணினியையும் அட்டவணையையும் விட்டுவிட்டு, பலகையும் மூன்று கட்டையும் கொண்டு இதுவரைக்கும் செய்து பார்க்கலாம். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

அப்படியானால் பிளெண்டரில் ஏன் 14 பாகை? அங்கே Friction என்ற இடத்தில் நாங்கள் எதையும் மாற்றவில்லை, முன்னிருப்பாக 0.5 இருந்தது. 0.5க்கு உரிய கோணம் 26.6 பாகை. அதன்படி பார்த்தாலும் அடுக்கு கவிழ்ந்திருக்க வேண்டும். 0.40 என்று நாங்கள் அளந்ததைக் கட்டைகளுக்கும் பலகைக்கும் கொடுத்துப் பார்த்தோம். இன்னும் மோசமாகி, 92ஆவது ஃபிரேமிலேயே, 9 பாகையில் வழுக்கியது. உராய்வு எங்கோ களவு போகிறது!

பிள்ளைகளிடம் அந்த இரு எண்களைக் கொடுத்தேன். 14 பாகையின் டேன்ஜென்ட் 0.25. 9 பாகையினுடையது 0.16. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், 0.5 பெருக்கல் 0.5 தானே 0.25? 0.4 பெருக்கல் 0.4, 0.16!"

அதேதான். பாடநூலில் உராய்வுக் குணகம் என்பது இரு பரப்புகளுக்கு இடையே உள்ள ஒரே எண். மரத்துக்கு மட்டும் உராய்வு என்று ஒன்று கிடையாது. மரத்துக்கும் மரத்துக்கும் இடையே உண்டு, மரத்துக்கும் இரும்புக்கும் இடையே உண்டு. ஆனால் மென்பொருளில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே ஓர் எண் கேட்கிறார்கள். இரு பொருள்கள் தொடும்போது புல்லட் அந்த இரண்டையும் பெருக்கி, வருவதை உராய்வுக் குணகமாக எடுத்துக்கொள்கிறது. எனவே நமக்கு 0.40 வேண்டுமென்றால் அதன் வர்க்கமூலத்தை, ஏறக்குறைய 0.64ஐ, இரு பக்கமும் கொடுக்க வேண்டும். எல்லாப் பொருள்களையும் தேர்ந்தெடுத்துவிட்டு Scripting பகுதியில் இந்த நான்கு வரியை ஓட்டினால் ஒவ்வொன்றாக மாற்றும் வேலை மிச்சம்:

```python
import bpy
for b in bpy.context.selected_objects:
    if b.rigid_body:
        b.rigid_body.friction = 0.64
```

மீண்டும் ஓடவிட்டோம். 141 கடந்தது, எதுவும் நகரவில்லை. 185ஐ ஒட்டி அடுக்கு மெல்லச் சாயத் தொடங்கி, 200ஐத் தாண்டும்போது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்து, மொத்தமாகக் கவிழ்ந்தது. வகுப்பில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். கவிழ்வது தொடங்குவதற்கும் தெரிவதற்கும் இடையே சில ஃபிரேம்கள் கழிவது இயல்பு. சமநிலை இழந்த தூண் முதலில் மிக மெதுவாகத்தான் சாயும். ஒற்றைக் கட்டையை வைத்தும் சோதித்தோம். அது 22 பாகையைத் தாண்டியதும் வழுக்கியது. மேசையில் பார்த்தது போலவே.

துள்ளலைக் குறிக்கும் Bounciness எண்ணும் இதே பெருக்கல் முறையில்தான் வேலை செய்கிறது. பந்துக்கு 0.9 கொடுத்துவிட்டுத் தரைக்குச் சுழியே விட்டால் பெருக்கல் சுழி. பந்து களிமண் உருண்டை போல விழுந்து கிடக்கும். 'ஏன் துள்ளவில்லை' என்று யாராவது கேட்டால் முதலில் தரையைப் பாருங்கள்.

கட்டைகளை ஏன் பத்து சென்டிமீட்டராக வைக்காமல் ஒரு மீட்டராக வைத்தோம் என்று கேட்கலாம். முதலில் நாங்களும் பத்து சென்டிமீட்டரில்தான் வைத்தோம். அடுக்கு நடுங்கியது, சாய்வதற்கு முன்பே கலைந்தது. புல்லட்டின் கையேடே, அசையும் பொருள்கள் சுமார் இருபது சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்கிறது. பிளெண்டரில் மோதலுக்கான இடைவெளி முன்னிருப்பாக நான்கு சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர் கட்டைக்கு அது மிகப் பெரிது. பத்து மடங்கு பெரிதாக்கினால் கோணங்கள் மாறுவதில்லை, ஏனென்றால் டேன்ஜென்டில் நீளங்கள் அடிபட்டுப் போகின்றன. மாறுவது காலம் மட்டுமே. பத்து மடங்கு உயரத்திலிருந்து விழ, பத்தின் வர்க்கமூலமான 3.16 மடங்கு நேரம் ஆகும். அதனால் திரையில் கட்டைகள் பெரிய பாறைகள் போல நிதானமாக விழும். விழும் வேகமும் உண்மை போல வேண்டுமென்றால் Scene பகுதியில் Rigid Body World-இல் Speed-ஐ 3.16 ஆக்கலாம், ஆனால் கோணம் அளக்கும் சோதனையில் அதை 1ஆகவே விட்டுவிடுங்கள். அடுக்கு இன்னும் நடுங்கினால் அதே இடத்தில் Substeps Per Frame, Solver Iterations இரண்டும் 10 என்றிருக்கும், அவற்றை உயர்த்தலாம். கணினி மெதுவாகும், அவ்வளவுதான்.

பலகையில் வெற்றி பெற்றதும் பிள்ளைகளுக்கு உண்மையான டிப்பர் தேவைப்பட்டது. ஒரு கனசதுரத்தை நீட்டி, மேற்பக்கத்தை நீக்கி, திறந்த தொட்டி போலச் செய்து, உள்ளே கட்டைகளை அடுக்கினார்கள். ஓடவிட்டதும் கட்டைகள் தூக்கி எறியப்பட்டன. மேலிருந்து போட்டுப் பார்த்தபோது தொட்டியின் வாயில், காற்றின் மேல், உட்கார்ந்துகொண்டன. "பேய் வண்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கணினி நாம் பார்க்கும் உருவத்தோடு மோதலைக் கணக்கிடுவதில்லை. Collision Shape என்ற இடத்தில் சொல்லப்பட்ட உருவத்தோடுதான் கணக்கிடுகிறது. அது Convex Hull என்று இருந்தால், பொருளைச் சுற்றி இறுக்கமாகத் துணி போர்த்தியது போன்ற ஓர் உருவம். திறந்த தொட்டிக்குப் போர்த்தினால் வாயை மூடிவிடும். அதன்பின் அது தொட்டி அல்ல, முழுக் கட்டி. உள்ளே வைத்த கட்டைகள் ஒரு திடப்பொருளுக்குள் மாட்டிக்கொண்டதாகக் கணினி கருதி அவற்றை வெளியே தள்ளியது. டிப்பர் தொட்டியைப் போலக் குழிவான, Passive ஆன பொருளுக்கு Mesh வடிவத்தைத் தர வேண்டும். வெறும் தாள் போன்ற சுவர் என்றால் வேகமாக வரும் கட்டை அதைத் துளைத்துப் போய்விடும். Solidify கொண்டு தடிமன் கொடுத்து, Source என்பதை Final ஆக்கினால்தான் அந்தத் தடிமன் மோதலில் கணக்காகும். கட்டைகளுக்கு Box போதும். பெட்டி உருவத்துக்குப் பெட்டி வடிவமே மிகத் துல்லியமும் வேகமும் ஆகும். எல்லாவற்றுக்கும் Mesh கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அசையும் பொருள்களுக்கு அது மெதுவானது, நடுக்கமும் கூடும்.

கடைசியாக, பதிந்து வைப்பது. இதை நான் சங்கடப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். குறுவள மையக் கூட்டம் ஒன்றில் சக ஆசிரியர்களுக்குக் காட்டுவதற்காகக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துச் சென்றேன். நேரம் குறைவு என்று காலக்கோட்டில் நேரடியாக 150க்குத் தாவினேன். பலகை சாய்ந்து நின்றது. கட்டைகள் தொடக்க நிலையிலேயே பலகைக்குள் புதைந்து நின்றன. சிரிப்புதான்.

கட்டை 150ஆவது ஃபிரேமில் எங்கே இருக்கும் என்பது 149இல் எங்கே இருந்தது என்பதிலிருந்து கணக்கிடப்படுகிறது. 149 என்பது 148இலிருந்து. ஆகவே முதல் ஃபிரேமிலிருந்து வரிசையாக ஓட்டினால்தான் சரியான நிலை கிடைக்கும். Rigid Body World-இன் கீழே Cache பகுதியில் Bake அழுத்தினால் எல்லா ஃபிரேம்களையும் ஒருமுறை கணக்கிட்டுப் பதிந்துகொள்ளும். பின்பு கோப்பைச் சேமித்தால் பதிவும் கூடவே சேமிக்கப்படும். எந்தக் கணினியில் திறந்தாலும் அதே விழுதல்; முன்னும் பின்னும் இழுத்து, கவிழத் தொடங்கும் ஃபிரேமில் நிறுத்தி, கோணம் கேட்கலாம். பாடம் நடத்த இந்த வசதி எனக்கு மிகவும் உதவுகிறது.

Bake அழுத்தும் முன் அதே இடத்தில் End என்ன என்று பாருங்கள். முன்னிருப்பு 250. நம் சாய்வோ 301 வரை. இரண்டு கட்டை அடுக்கை வைத்து, பலகைக்கும் கட்டைகளுக்கும் உராய்வைக் கூட்டி ஒரு குழு செய்த சோதனையில், 26.6 பாகையில், அதாவது 267ஆவது ஃபிரேமில் கவிழ வேண்டிய அடுக்கு கடைசி வரை சிலையாக நின்றது. தங்கள் கணக்கைத் தவறு என்று அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கு சரிதான், கணிப்பு 250இலேயே நின்றுவிட்டது. 250ஐத் தாண்டியதும் எல்லாக் கட்டைகளும் ஒரே கணத்தில் உறைந்தால் காரணம் இதுவே.

பதிந்த பிறகு உராய்வை மாற்றினால் எதுவும் மாறாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு மாணவி உராய்வை 0.64இலிருந்து 0.1 ஆக்கியும் அடுக்கு அதே 18 பாகையில் கவிழ்கிறது என்று எழுதி, "உராய்வு கவிழ்வதைப் பாதிக்காது" என்று முடிவும் எழுதியிருந்தாள். பழைய பதிவுதான் ஓடிக்கொண்டிருந்தது. Delete Bake கொடுத்து, மாற்றி, மறுபடி பதிந்ததும் அடுக்கு ஒரு பாகை சாய்வதற்குள்ளாகவே வழுக்கிப் போனது.

இந்தக் கணிப்பு ஓர் இடத்தில் மேசையோடு ஒத்துப்போவதில்லை. மேசையில் கட்டை அசையாமல் நின்று, நகரத் தொடங்கியதும் சட்டென்று வேகமெடுக்கிறது; ஓய்வுநிலை உராய்வு பெரிது, இயக்க உராய்வு சிறிது என்பதே காரணம். புல்லட்டில் இரண்டுக்கும் ஒரே எண்தான். அதனால் திரையில் கட்டை தயங்கித் தயங்கி நகரத் தொடங்குகிறது. இதை நான் சொல்லித் தரவில்லை. டிப்பர்காரர் மகன்தான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் கட்டைக்கு ஜெர்க் இல்ல சார்" என்றான். இப்போது பலகையில் உப்புத்தாள் ஒட்டி, அந்த 'ஜெர்க்' கூடுகிறதா என்று அளந்துகொண்டிருக்கிறார்கள்.